அம்மம்மாவின் அறையில் ஒரு ஆர்ஜிபி கேசிங்

ஆர்ஜிபி லைட் உள்ள கேசிங்கையோ கீபோர்ட்டையோ முதன்முறை செருகினால் அநேகமாக வானவில்லோடுதான் அது கண் திறக்கும். சிவப்பு பச்சையாகி, பச்சை நீலமாகி, ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருபது கேசிங்குகள் வரிசையில் நிற்கும்போது தெருவால் போறவர் ஒருக்கால் திரும்பிப் பார்க்க வேணும், அதுக்காகச் செய்த ஏற்பாடு அது. வீட்டுக்கு வந்த பிறகும் அதே வேலையைத்தான் செய்யும், நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும். நாம் பார்க்க வேண்டியது திரையை. கேசிங் இருப்பதோ மேசைக்குப் பக்கத்தில், கண்ணின் ஓரத்தில். கண்ணின் ஓரத்துக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் அசைவையும் மினுக்கத்தையும் பிடிப்பதில் அது கெட்டி. ஓரத்தில் ஏதாவது ஓடினால் மூளை அதை ஒருக்கால் போய்ப் பார்க்கத்தான் செய்யும், நாம் கட்டுரையின் எந்த வரியில் நின்றாலும்.

எங்கட வீட்டில் இது என் கவனத்தோடு மட்டும் முடியிற பிரச்சினை இல்லை. என்ட மேசை அம்மம்மாவின் அறையில் இருக்கிறது. வேறு இடம் இல்லை. மேசையும் அம்மப்பாவின் பழைய தேக்கு மேசை, அதை அந்த அறையில் இருந்து வெளியில் எடுக்கக் கதவின் அகலம் காணாது. அம்மம்மாவுக்கு ஒரு கண்ணில் கற்றராக்ட், ஒப்பரேசனுக்குத் திகதி கிடைக்கும் வரை காத்திருக்கிறா. கண்ணில் புரை விழுந்தால் பார்வை மங்கும் எண்டுதான் நாங்கள் பொதுவாகச் சொல்லுவம். அதோட இன்னொன்றும் நடக்கும். மங்கிய வில்லை உள்ளே வரும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், அதனால் சின்ன விளக்கைச் சுற்றியும் பெரிய ஒளிவட்டம் தெரியும், கூசும். அறையின் மூலையில் நாலு ஃபேன்கள் நீலத்தில் எரிந்தால் எனக்குத் தெரிவது நாலு வளையம். அவவுக்குத் தெரிவது ஒரு நீலப் புகை.

"என்னடா மோனை, நல்லூர் திருவிழாவே நடக்குது உதுக்குள்ள?" எண்டு முதல் நாள் சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவா. மூன்றாம் நாள் சிரிப்பு இல்லை. இரவு பாத்ரூமுக்கு எழும்பினவா, கட்டிலில் இருந்து காலைக் கீழே வைத்தபடியே நிண்டுட்டா. "சுவரில ஆரோ போறமாதிரிக் கிடக்கு." வானவில் ஓடும்போது ஒவ்வொரு ஃபேனும் மாறி மாறிப் பிரகாசமாகும். வெளிச்சம் வரும் இடம் மாறினால் நிழலும் இடம் மாறும். என்ட கதிரையின் நிழல் சுவரில் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. எழுபத்தெட்டு வயதில் இருட்டில் ஒருவர் தடுக்கி விழுந்தால் என்ன நடக்கும் எண்டு எங்கட ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும்.

முழுசாக நிறுத்திவிடலாம், உண்மைதான். ஆனால் நிறுத்தினால் அறை கும்மிருட்டு. கதவும் செருப்பும் தெரிய ஒரு கொஞ்ச வெளிச்சம் அவவுக்கு வேணும். எனக்கோ ஆய்வுக் கட்டுரைக்காகப் பதிவு செய்த நேர்காணல்களைக் கேட்டு எழுதும் வேலை இரவில்தான் நடக்கும், அதுக்கும் கைக்குக் கீழே கொஞ்ச வெளிச்சம் வேணும். ஆக, தேவைப்பட்டது அசையாத, கூசாத, மேசை லாம்போடு ஒத்துப்போகிற ஒரு வெளிச்சம். அதை எப்படிக் கொண்டுவந்தேன் என்பதுதான் மிச்சக் கதை.

மேசையில் எதை எதோடு பொருத்துவது எண்டு யோசிக்கும்போது பலபேர் கீபோர்ட்டில் இருந்து தொடங்குவினம், பிடிச்ச நிறம் ஒன்றைத் தெரிவு செய்து. நான் நினைக்கிறேன் மாற்ற முடியாததில் இருந்துதான் தொடங்க வேணும். என்ட மேசையில் மாற்ற முடியாதவை இரண்டு. ஒன்று தேக்கின் மண்ணிறம். மற்றது மேசை லாம்பின் பல்ப், பெட்டியில் 2700K எண்டு போட்டிருக்கும் சாதாரண மஞ்சள் வெள்ளை. இந்த K என்பது கெல்வின். எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் போகும், கூடக் கூட நீலம் ஏறும். பழைய குண்டு பல்ப்புகள் 2700க்குக் கிட்டத்தான் எரிந்தன. கொம்பியூட்டர்த் திரையின் வெள்ளை வழமையாக 6500. ஆக, கேசிங்கும் கீபோர்ட்டும் அந்த லாம்பின் நிறத்துக்கு வர வேணும். அப்போது கண் அவற்றைத் தனி விளக்குகளாக எண்ணாது, எல்லாம் ஒரே வெளிச்சத்தின் துண்டுகளாகத் தெரியும்.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இணையத்தில் கெல்வினுக்கு நேரே சிவப்பு, பச்சை, நீல எண்கள் போட்ட அட்டவணை கிடைக்கும். 40 வோட் குண்டு பல்ப்புக்கு 255, 197, 143 என்பது அதில் அடிக்கடி காணும் எண். அதைத் திரையில் ஒரு பெட்டிக்குள் நிரப்பிப் பாருங்கள், அழகான பாதாம் நிறம். அதே எண்ணை ஃபேனுக்குக் கொடுத்துப் பாருங்கள். வருவது மஞ்சளே இல்லை, ரோஸ் கலந்த ஒரு வெள்ளை, ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும் வெள்ளை.

ஃபேன் பழுது இல்லை. எண்ணும் பிழை இல்லை. அந்த எண்கள் திரைக்காக எழுதப்பட்டவை. திரையில் 128 எண்டு போட்டால் அது 255இன் அரைவாசி வெளிச்சத்தைத் தராது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைத்தான் தரும். மனிதக் கண் இருட்டுப் பக்கத்தில் சின்ன வேறுபாடுகளையும் பிடிக்கும் என்பதால், திரைகள் அப்படி வளைந்த ஒரு கணக்கில் இயங்குகின்றன. அதை காமா எண்டு சொல்லுவினம். கேசிங் ஃபேனில் இருக்கும் மலிவான எல்ஈடிக்கு இந்த நாகரிகம் எதுவும் தெரியாது. 128 எண்டால் நேரத்தில் பாதி எரியும், பாதி அணையும். உண்மையிலேயே அரைவாசி வெளிச்சம். அதனால் திரை எண்ணில் இருக்கும் பச்சையும் நீலமும் எல்ஈடியில் எதிர்பார்த்ததை விட மிக அதிகமாக வரும். நிறம் வெளிறிப்போகும். நீங்கள் ஆசைப்பட்டுத் தெரிவு செய்த மெல்லிய பீச், மெல்லிய லாவெண்டர் எல்லாம் ஃபேனில் ஒரே வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான்.

திருத்துவதற்குக் கணக்கு ஒன்று உண்டு. எண்ணை 255ஆல் பிரித்து, 2.2 அடுக்கு ஏற்றி, திரும்ப 255ஆல் பெருக்க வேணும். கலைப்பீடம் என்றாலும் கல்குலேட்டர் எங்களிடமும் இருக்கு. 197ஐ 255ஆல் பிரித்தால் 0.77, அடுக்கு ஏற்றினால் 0.57, பெருக்கினால் 145. அதே மாதிரி 143, 71 ஆகிறது. சிவப்பு 255 மாறாது. ஆக 255, 145, 71. கணக்கே வேண்டாம் என்பவர்கள் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் காணும்: திரையில் பிடித்த நிறத்தை எல்ஈடிக்குக் கொடுக்கும்போது சின்ன எண்கள் இன்னும் சின்னதாக வேணும்.

இந்த எண்ணும் ஒரு தொடக்கம்தான். எல்ஈடிக்கு எல்ஈடி வேறுபாடு உண்டு. பொதுவாக இந்த வகை எல்ஈடிகளில் மூன்றையும் 255இல் வைத்தால் வரும் வெள்ளையே நீலத்துக்குச் சாய்ந்துதான் இருக்கும். அதனால் கடைசித் தூரத்தைக் கண்ணால்தான் கடக்க வேணும். அதற்கு ஒரு வெள்ளை ஏ4 தாள் போதும். இரவில், லாம்பை மட்டும் போட்டு, தாளை நடுவில் மடித்து ஒரு கூரை மாதிரி நிறுத்துங்கள். ஒரு பக்கம் லாம்பின் வெளிச்சம் விழ வேணும், மற்றப் பக்கம் ஃபேனின் வெளிச்சம். இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் தெரியும்படி மேலே இருந்து பாருங்கள். எல்ஈடியை நேரே பார்த்து நிறத்தை முடிவு செய்யாதேங்கோ. நேரே பார்த்தால் அதன் கூர்மைதான் கண்ணில் அடிக்கும், நிறம் பிடிபடாது. தாளில் ஃபேன் பக்கம் ரோஸாகத் தெரிந்தால் நீலத்தைக் குறைக்க வேணும். பச்சை தட்டினால் பச்சையைக் குறைக்க வேணும். எலுமிச்சை மாதிரி வந்தால் அதுவும் பச்சை கூடினதுதான். ஒவ்வொரு தடவையும் ஐந்து ஐந்தாக மாற்றினேன். 255, 120, 35இல் இரண்டு பக்கமும் ஒன்றாகின. உங்கட ஃபேனுக்கு வேறு எண் வரும், ஆனால் வெகு தூரம் போகாது.

நிறம் சரிவந்தாலும் வெளிச்சம் இன்னும் அதிகம். இங்கேயும் கண்ணின் அதே குணம்தான். வெளிச்சத்தை அளவில் அரைவாசியாக்கினால் கண்ணுக்கு அது அரைவாசியாகத் தெரியாது. அரைவாசி எண்டு கண் ஒத்துக்கொள்ள, அளவு 18 வீதத்துக்குக் கிட்ட இறங்க வேணும். பலர் பிரைட்னஸ் கோட்டை 50இல் வைத்துவிட்டு "குறைச்சிட்டன், இன்னும் கூசுது" எண்டு சொல்லுறது இதனால்தான். இருட்டறைக்கு 10, 15 வீதமே தாராளம். நான் 12 வீதத்தில் நின்றேன்.

என்ட மதர்போர்ட்டில் பிரைட்னஸ் கோடு வேலை செய்யவில்லை. சில கட்டுப்படுத்திகளுக்கு அந்த வசதியே இல்லை. அதுக்குக் குறுக்கு வழி, நிறத்துக்குள்ளேயே வெளிச்சத்தையும் குறைத்து எழுதுவது. மூன்று எண்களையும் ஒரே விகிதத்தில் 0.12ஆல் பெருக்கினால் 31, 14, 4. இதைப் பதினாறடி எண்ணில் எழுதினால் `1F0E04`. நான் பாவிப்பது OpenRGB. இலவசம், திறந்த மூலம், பல கொம்பனிகளின் மதர்போர்ட், ரேம், கீபோர்ட்டுகளை ஒரே இடத்தில் இருந்து பிடிக்கும். திரையில் நிறவட்டத்தைத் தொட்டும் செய்யலாம், கட்டளையாகவும் கொடுக்கலாம்:

```
openrgb --list-devices
openrgb --device 0 --mode static --color 1F0E04
```

முதல் வரி உங்களிடம் என்னென்ன சாதனம் இருக்கு, எதுக்கு எந்த எண் எண்டு காட்டும். இரண்டாவது வரியில் உள்ள 0க்குப் பதில் உங்கட எண்ணைப் போட வேணும்.

இதில் கை வைக்க முன் இரண்டு விஷயம். தயாரித்த கொம்பனியின் லைட் மென்பொருள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை மூடுங்கள், தானாகத் தொடங்குவதையும் நிறுத்துங்கள். இரண்டு மென்பொருள்கள் ஒரே விளக்குக்கு மாறி மாறி உத்தரவு கொடுத்தால் நிறம் துடிக்கும். துடிப்பைக் கண்டு வயரை ஆட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, வயரில் ஒரு பிழையும் இராது. மற்றது, மதர்போர்ட்டில் உள்ள ஆர்ஜிபி செருகிக்கு எத்தனை எல்ஈடி தொடுத்திருக்கு என்பது தானாகத் தெரியாது. OpenRGB-இல் அந்த இடத்தைத் தெரிவு செய்து Resize செய்து எண்ணைக் கொடுக்க வேணும். குறைவாகக் கொடுத்தால் கடைசியில் உள்ள சில எல்ஈடிகள் அணைந்தோ பழைய நிறத்தில் உறைந்தோ நிற்கும். மூன்று ஃபேன் செம்மஞ்சளும் நாலாவதில் பாதி நீலமுமாக இருந்தால் எண்ணைக் கூட்டிப் பாருங்கள்.

வயர் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இது காசு போகிற இடம். ஒவ்வொரு எல்ஈடிக்கும் தனி நிறம் கொடுக்கக்கூடிய ஃபேன்களுக்கு மூன்று ஊசி, 5 வோல்ட். முழு வளையமும் ஒரே நிறத்தில் எரிகிற பழைய வகைக்கு நாலு ஊசி, 12 வோல்ட். இரண்டு செருகியும் மதர்போர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். நண்பன் ஒருவன் ஐந்து வோல்ட் ஸ்ட்ரிப் ஒன்றைப் பன்னிரண்டில் தள்ளிச் செருகினான். ஒரு செக்கன் வெள்ளையாக மின்னினது, பிறகு எந்த நிறமும் இல்லை. மதர்போர்ட்டில் ஊசிகளுக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அளவு அச்சடித்திருக்கும். போன் டோர்ச்சை அடித்து அதை வாசித்துவிட்டுச் செருகுங்கள்.

இனி எஃபெக்ட். "அமைதியான எஃபெக்ட்" எண்டு தேடினால் எல்லாரும் சொல்லுவது Breathing. மூச்சு மாதிரி மெதுவாகக் கூடிக் குறையும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இருண்ட அறையில், குறைந்த வெளிச்சத்தில், செம்மஞ்சள் நிறத்தில் அதை ஓடவிட்டுப் பாருங்கள். குறைந்து போகும்போது செம்மஞ்சள் சிவப்பாகி, படிப்படியாக வெட்டி வெட்டி அணையும். காரணம் மேலே உள்ள எண்களிலேயே இருக்கு. சிவப்புக்கு 31 படிதான் உண்டு, பச்சைக்கு 14, நீலத்துக்கு வெறும் 4. சிவப்பு 8க்கு வரும்போது நீலம் 1. சிவப்பு 3க்கு வரும்போது பச்சை 1, நீலம் 0. கடைசியில் சிவப்பு மட்டும் தனியே நிண்டு அணையும். முழு வெளிச்சத்தில் 255 படிகள் இருப்பதால் இது தெரியாது. மங்கலில் ஒவ்வொரு படியும் தெரியும். விளம்பர வீடியோக்கள் எல்லாம் முழு வெளிச்சத்தில் எடுத்தவை.

வேகமும் ஒரு பிரச்சினை. அமைதியாக இருக்கும் மனிதர் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டில் இருந்து இருபது தடவை வரை மூச்சு விடுவார், அதாவது ஒரு மூச்சுக்கு மூன்று தொடக்கம் ஐந்து செக்கன். பல சாதனங்களில் Breathing வரும்போதே இதைவிட வேகமாக வைத்திருப்பினம். அது ஓடிவந்து களைத்தவரின் மூச்சு. அதைக் கட்டாயம் வேணும் எண்டு நினைப்பவர்கள் வேகக் கோட்டை அடியில் வைத்து, ஒரு சுற்றுக்குக் குறைந்தது எட்டுப் பத்துச் செக்கன் வருகிறதா எண்டு போனில் எண்ணிப் பாருங்கள். எங்கட அறையில் அதுவும் சரிவராது. வெளிச்சம் கூடிக் குறைந்தால் நிழலும் கூடிக் குறையும். ஆகவே Static. பெயரைக் கேட்டாலே அலுப்படிக்கிற எஃபெக்ட், ஆனால் சுவரில் யாரும் நடக்கமாட்டினம்.

கீபோர்ட்டுக்கு வேறு நியாயம். அது கண்ணின் ஓரத்தில் இல்லை, கைக்குக் கீழே, திரைக்கு முன்னால் இருக்கு. என்னுடையது VIA என்ற மென்பொருளை ஏற்கும் வகை. குரோமில் usevia.app பக்கத்தைத் திறந்து, கீபோர்ட்டுக்கு அனுமதி கொடுத்தால் Lighting பகுதியில் வெளிச்சம், எஃபெக்ட், வேகம், நிறம் நாலும் வரும். இதில் நல்ல விஷயம், மாற்றுவது கீபோர்ட்டின் உள்ளேயே பதிந்துவிடும். கம்பஸுக்குக் கொண்டுபோய் வேறு கொம்பியூட்டரில் செருகினாலும் அதே நிறம்தான்.

ஃபேனின் எண்ணையே கீபோர்ட்டுக்கும் போட்டால் ஒன்றாக வராது. வெளிச்சம் விசைகளுக்கிடையால் கசிந்துதான் வெளியே வருகிறது, அடியில் உள்ள தகடு வெள்ளையா கறுப்பா, விசை மூடியின் பிளாஸ்டிக் என்ன நிறம் என்பதெல்லாம் அதில் கலந்துவிடும். VIA-இல் எண்ணும் இல்லை, நிறவட்டம்தான். அதே தாளைக் கீபோர்ட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, செம்மஞ்சள் ஓரத்தில் இருந்து வெள்ளை நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஃபேனின் தாளோடு ஒப்பிட்டேன்.

விசையை அமத்தும்போது மட்டும் ஒளிர்கிற எஃபெக்ட்டுகள் பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், பகலில். நேர்காணல் கேட்டு எழுதும்போது கை நிற்காது, அப்போது விரலுக்குக் கீழே வாணவேடிக்கைதான் நடக்கும். பதிவில் பேசுகிறவர் தன்ட அண்ணனைக் காணாமல் போன நாளைச் சொல்லிக்கொண்டிருப்பார், இங்கே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பூ விரியும். அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. அங்கேயும் அசையாத நிறத்தையே வைத்தேன்.

ஒன்று சொல்ல வேணும், கீபோர்ட் வெளிச்சத்தை நம்பிப் புத்தகம் வாசிக்கவோ குறிப்பு எழுதவோ முடியாது. மூன்று நிறங்களைக் கலந்து வரும் இந்த மஞ்சளில் இடையிலுள்ள நிறங்கள் பல இல்லை. அதன் கீழ் தேக்கு மேசை ஒரு தட்டையான செங்கல் நிறத்தில் கிடக்கும், லாம்பைப் போட்டால்தான் அதன் ரேகைகள் எழும்பி வரும். மஞ்சள் ஹைலைட்டர் பூசின வரியை அந்த வெளிச்சத்தில் தேடிப் பாருங்கள், தெரியும். வேலைக்கு லாம்ப். மற்றதெல்லாம் லாம்பின் பக்கத்தில் சும்மா இருக்கிற வெளிச்சம்.

கேசிங்கின் கண்ணாடிப் பக்கத்தை என்னை நோக்கி வைக்காமல் சுவரை நோக்கித் திருப்பினேன், சுவரில் இருந்து ஒரு முழத் தூரத்தில். இப்போது எல்ஈடி எதுவும் கட்டிலில் இருந்து நேரே தெரியாது, சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும்தான். கற்றராக்ட் கண்ணுக்கு இந்த ஒரு மாற்றம் நிறத்தை விடப் பெரிய உதவி செய்தது எண்டு நினைக்கிறேன். கூசுவது புள்ளியாய் எரிகிற விளக்கு. பரந்த சுவர் கூசாது. இடம் இல்லாதவர்கள் கண்ணாடியின் உட்பக்கத்தில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டலாம், ஃபேன் காற்று இழுக்கும் வழியை மறைக்காமல்.

இரவு பத்து மணிக்குப் பிறகு இன்னொரு படி இறங்குகிறது. அம்மம்மா படுக்கும் நேரம். நீலம் முழுசாகப் பூச்சியம்: 12, 4, 0. இருட்டுக்குப் பழகின கண்ணைச் சிவப்புப் பக்க வெளிச்சம் அதிகம் குழப்பாது, நீலமும் வெள்ளையும் குழப்பும். வயது போகப் போகக் கண் இருட்டுக்குப் பழக எடுக்கும் நேரமும் கூடும். ஆகவே எழும்பிற நேரத்தில் கண்ணை அதிரவைக்காத வெளிச்சம்தான் நடக்க உதவும். இரண்டு நிறத்தையும் OpenRGB-இல் இரண்டு புரொஃபைலாகச் சேமித்து, விண்டோஸின் Task Scheduler-இல் நேரம் கொடுத்தேன். பத்து மணிக்கு ஓடுவது இது:

```
OpenRGB.exe --profile iravu
```

காலை ஆறு மணிக்கு இதேபோல் `pakal`. கொம்பியூட்டர் அந்த நேரத்தில் ஓவ்வாக இருந்தால் தவறிப்போகும் என்பதால், லொகின் ஆகும்போதும் ஓடும்படி ஒன்று வைத்திருக்கிறேன். விண்டோஸ் வரும்வரைக்கும் உள்ள அரை நிமிடத்தில் பழைய வானவில் தலைகாட்டும். சில சாதனங்களில் Save To Device என்ற பட்டன் இருக்கு, அதை அமத்தினால் நிறம் உள்ளேயே பதிந்து அதுவும் போய்விடும்.

கடைசியாக மிஞ்சினது, கொம்பியூட்டரை நிறுத்தின பிறகும் எரிகிற கீபோர்ட். நிறுத்தினாலும் பவர் சப்ளை 5 வோல்ட்டை மெல்லிதாக விட்டுக்கொண்டே இருக்கும், அதில்தான் அது எரிகிறது. பயோஸில் ErP அல்லது ErP Ready எண்டு ஒரு தெரிவு பல மதர்போர்ட்டுகளில் இருக்கும். அதை இயக்கினால் நிறுத்தின பிறகு அந்த மின்சாரமும் நிற்கும். கீபோர்ட்டைத் தட்டிக் கொம்பியூட்டரை எழுப்பும் வசதி இதோடு போகும், பட்டனைத்தான் அமத்த வேணும். அம்மா "உந்த லைட்டுக்கு எவ்வளவு கரண்ட் போகுது" எண்டு கேட்டவா. நாற்பது எல்ஈடி முழு வெள்ளையில் எரிந்தால் கூடியது 12 வோட். 31, 14, 4இல் அது ஒரு வோட்டுக்கும் குறைவு. வாசல் பல்ப்பை ஒரு மணித்தியாலம் முந்தி அணைத்தால் அதைவிட மிச்சம் எண்டு சொன்னன், அதுக்குப் பிறகு வாசல் பல்ப் என்ட பொறுப்பாகிவிட்டது.

போன கிழமை அம்மம்மா ஒரு முறைப்பாடு சொன்னவா. பத்து மணிக்குப் பிறகு செருப்பில் எது வலது, எது இடது எண்டு தெரியேல்லையாம். 12ஐ 16 ஆக்கி, பச்சையை 6 ஆக்கினேன். இப்ப தெரியுதாம்.

மௌஸ் மட்டும் இன்னும் நீலம். அதுக்கு மென்பொருளும் இல்லை, OpenRGB-இன் பட்டியலிலும் இல்லை. கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறேன். மூலையில் கொஞ்சம் உரிந்து வருகிறது, நாளைக்கு வேறு துண்டு வெட்ட வேணும்.